வாடகைக்குக் கொடுத்த படகும் பத்தொன்பது நாள் பிடிவாதமும்

கடந்த வருடம் வைகாசி மாதத்தில் எனக்குக் குடலிறக்கச் சத்திரசிகிச்சை நடந்தது. மூன்று மாதங்களுக்குப் பாரம் தூக்கக் கூடாது, கடலுக்குப் போவதை நினைத்தும் பார்க்கக் கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். யாழ்ப்பாணக் கடனீரேரிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரில், பதினெட்டு அடி பைபர் படகையும் பதினைந்து குதிரைவலு எஞ்சினையும் மூன்று மாதங்கள் கரையில் கவிழ்த்து வைத்துவிட்டுச் சாப்பிடக்கூடிய நிலையில் நான் இருக்கவில்லை. ஆகவே பக்கத்து ஊர்த் தம்பி ஒருவர் வந்து நாள் வாடகைக்குக் கேட்டபோது, இரண்டாவது தடவை யோசிக்காமல் கொடுத்தேன். கடலுக்குப் போகும் நாளுக்கு 2,500 ரூபா வாடகை, எண்ணெய் அவருடைய செலவு, முற்பணம் 10,000 ரூபா. எங்களுக்கிடையில் இருந்த ஒப்பந்தம் இவ்வளவுதான். எழுத்தில் ஒன்றும் இல்லை.

சேதம் வந்தால் என்ன செய்வது என்று நாங்கள் பேசாமல் இல்லை. "ஏதும் நடந்தால் பார்த்துக்கொள்ளுவம் அண்ணை" என்று அவர் சொன்னார்; நானும் தலையாட்டினேன். பிற்பாடு நடந்த சண்டையில் பாதி அந்த ஒரு சொல்லில் இருந்துதான் வந்தது. பார்த்துக்கொள்வோம் என்றால் "நாங்கள்" பார்த்துக்கொள்வோம் என்பதா, "நாம்" பார்த்துக்கொள்வோம் என்பதா என்பதை அந்த வினைச்சொல் காட்டித் தருவதில்லை. அவருடைய பக்கத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று நான் விளங்கிக்கொண்டேன். அவரோ என்னையும் சேர்த்தே சொன்னதாகப் பின்னர் சாதித்தார். அவர் பொய் சொன்னார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை.

ஏறக்குறைய இரண்டு மாதங்கள் வாடகை ஒழுங்காக வந்தது. ஆடி மாதத்தில் சோழகக் காற்று நன்றாக வீசிக்கொண்டிருந்த நாள்களில் ஒரு மாலை அவர் படகைக் கொண்டுவந்து எங்கள் துறையில் கட்டிவிட்டு, "அண்ணை, கல்லிலை கொஞ்சம் தட்டிப்போட்டுது" என்றார். நான் கயிற்றைப் பிடித்துப் படகை இழுத்தபோதே அதன் பாரம் வழமையானதாக இல்லை. அடித்தளத்துக்கும் மேல்தட்டுக்கும் இடையில் தண்ணீர் புகுந்திருந்தது. நான்கு பேரைக் கூப்பிட்டுக் கரையேற்றிக் கவிழ்த்துப் பார்த்தால், படகின் முன்பக்கமான அணியத்தில், அடியின் நடுவே நீளும் ஏராவுக்கு இடப்புறமாக ஒரு முழ நீளத்துக்குப் பைபர் பிளந்து நார் வெளியே தெரிந்தது. அதற்குப் பின்னால் நான் இரண்டு வருடங்களுக்கு முன்னர் போட்டிருந்த ஒட்டும் ஒரு மூலையில் கிளம்பியிருந்தது. எஞ்சின் காலில் விசிறிக்குக் கீழே நீட்டி நிற்கும் கீழ்ச்செதிலில் ஒரு துண்டு இல்லை. விசிறியின் மூன்று இதழ்களும் கடித்துப் போட்டவை போல் இருந்தன.

எனக்கு வந்த கோபத்தை எழுதுவதற்கு வெட்கமாக இருக்கிறது. சத்திரசிகிச்சைக் காயத்தோடு நின்றுகொண்டு, ஊர் கேட்க அவரைப் பேசக்கூடாத வார்த்தையால் பேசினேன். மோதியது அன்றல்ல, மூன்று நாள்களுக்கு முன்னர் என்பது அப்போதுதான் அவர் வாயிலிருந்து வந்தது. இடையில் மூன்று நாள்கள், தண்ணீரை இறைத்து இறைத்து அதே படகில் தொழிலுக்குப் போயிருக்கிறார். முதல் நாளே ஏன் சொல்லவில்லை என்றதற்கு, வாடகைப் பாக்கி ஐந்து நாளுக்கு நின்றதாகவும் அதை உழைத்துக் கட்டிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்ததாகவும் சொன்னார். நான் ஏசியதும் அவரும் மாறிவிட்டார். "படகு முந்தியே ஒட்டுப் போட்டதுதானே, பழைய ஒட்டு விட்டதுக்கு நான் எப்பிடிப் பொறுப்பு?" என்று கேட்டுவிட்டுப் போனவர், அதன் பிறகு இரண்டு கிழமைகள் எங்கள் பக்கம் வரவே இல்லை.

என்னுடைய பெரிய பிழை அங்கேதான் தொடங்கியது. படகையும் எஞ்சினையும் யாரும் தொடக்கூடாது, எல்லாம் சாட்சியாக அப்படியே இருக்க வேண்டும் என்று வீட்டில் கட்டளை இட்டுவிட்டு, எஞ்சினைக் கழற்றி வாடிக்குள் மரச்சட்டத்தில் தொங்கவிட்டேன். கொலை நடந்த இடத்தைப் பொலிசார் கயிறு கட்டிக் காப்பது போல நான் அந்த எஞ்சினைக் காத்தேன். எங்கள் கடற்றொழிலாளர் சங்கத்தில் சொன்னேன். அவர் தம்முடைய சங்கத்தில் சொன்னார். இரண்டு பக்கமும் தத்தம் ஆளுக்காகப் பேசின, அது இயல்புதான். இப்படியே பத்தொன்பது நாள்கள் போயின. பிறகு எஞ்சின் வேலை தெரிந்த என் மருமகன் முறையான ஒருவர் கொழும்பிலிருந்து வந்த இடத்தில் வாடிக்குள் எட்டிப் பார்த்து, "மாமா, கியர் எண்ணெயைத் திறந்து பாத்தனீங்களா?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை.

வெளியிணைப்பு எஞ்சினின் காலுக்குள், விசிறியைச் சுழற்றும் பற்சக்கரங்கள் தனி எண்ணெயில் அமிழ்ந்து கிடக்கின்றன. அந்த அறைக்குக் கீழே ஒரு திருகாணியும் மேலே ஒரு திருகாணியும் இருக்கும். இரண்டையும் கழற்றினால் எண்ணெய் வழிந்து வரும். அது தேன்நிறத்திலோ கருமையாகவோ வந்தால் அச்சமில்லை. பால் தேநீர் போல வெளுத்து வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று பொருள். எங்கள் எஞ்சினில் கீழ்த் திருகாணியைத் தளர்த்தியவுடன் முதலில் வந்தது எண்ணெயே அல்ல. ஒரு தேக்கரண்டி அளவு துருநிற உப்புத்தண்ணீர். எண்ணெயைவிடத் தண்ணீர் பாரமானது ஆகையால், எஞ்சின் நிமிர்ந்து சும்மா நிற்கும்போது அது அடியில் தங்கி அங்கிருக்கும் பெயாரிங்குகளையும் பற்சக்கரத்தையும் தின்றுகொண்டிருக்கும். அதைத் திறக்கும்போது அவரும் இருக்க வேண்டும் என்று மருமகன் பிடிவாதமாகச் சொன்னதால், ஆள் அனுப்பிக் கூப்பிட்டோம். அவர் தம் அண்ணனோடு வந்து, வாடி வாசலில் நின்று பார்த்தார்.

அதற்கு அடுத்த நாள், நகரில் எஞ்சின் திருத்துபவரிடம் இருவருமாகவே எஞ்சின் காலைக் கொண்டுபோனோம். அவர் விசிறியைக் கழற்றியதும் அதன் பின்னால், அச்சைச் சுற்றி, ஒரு விரல் தடிப்புக்குத் தங்கூசி எனப்படும் ஒற்றை இழை நைலோன் நூல் இறுகிக் கிடந்தது. கத்தியால் வெட்டி எடுத்து மேசையில் போட்டார். உருகி ஒட்டிய அந்தச் சுருளுக்குள் வலையின் முடிச்சுகளும் மிதவைக் கயிற்றின் பச்சைத் துணுக்கு ஒன்றும் தெரிந்தன. விசிறியோடு சேர்ந்து சுழன்ற நூல் உள்ளே வெட்டிக்கொண்டு போய், தண்ணீரை மறிக்கும் ரப்பர் சீலைக் கிழித்திருந்தது. நான் தங்கூசி வலை வைத்திருப்பதில்லை; அது தடைசெய்யப்பட்ட வலை. அந்தத் தம்பி அந்த வலையைத்தான் கடலில் விரித்துவந்தார். "கடலிலை கிடக்கிற தங்கூசி ஆற்ற எஞ்சினிலையும் சுத்தும்" என்று அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் அந்தப் பச்சைத் துணுக்கைப் பார்த்த பிறகு அவர் குரல் தாழ்ந்துவிட்டது. இதில் நான் மறைக்கக்கூடாத ஒன்று உண்டு. ஆனி மாதமே அந்த வலையை என் படகுக்குள் கண்டேன். கடற்படையிடமோ கடற்றொழில் திணைக்களத்திடமோ அகப்பட்டிருந்தால் அணியத்தில் எழுதியிருக்கும் பதிவிலக்கம் என் பெயரைத்தான் காட்டியிருக்கும். வாடகை நாளாந்தம் வந்துகொண்டிருந்ததால் காணாதவன் போல இருந்துவிட்டேன்.

விசிறியின் இதழ்களைப் பற்றித் திருத்துபவர் சொன்னது எனக்குப் புதிய பாடம். முன்னோக்கி ஓடும்போது கல்லில் மோதினால், பூட்டுப் போடாத எஞ்சின் கால் தானாகவே பின்பக்கம் எகிறித் தூக்கிக்கொள்ளும். கீழ்ச்செதில் உடையலாம், இதழின் முன்விளிம்பு நசுங்கலாம், அவ்வளவோடு தப்பும். பின்னோக்கி இயக்கும்போது கால் எகிறாதபடி ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் கல் அகப்பட்டால் இதழ்கள் விட்டுக்கொடுக்க வழியின்றி அரைபடும். எங்கள் விசிறியில் இதழ்களின் பின்விளிம்புகளே அதிகம் சிதைந்திருந்தன. "கல்லிலை ஏறின பிறகு றிவேஸ் போட்டு இழுத்திருக்கிறியள்" என்று அவர் சொன்னபோது, அந்தத் தம்பி முதல் தடவையாக நடந்ததை முழுமையாகச் சொன்னார். விடியப்புறம் மண்டைதீவுப் பக்கமிருந்து பண்ணையை நோக்கி வரும்போது வழமையான ஓட்டத்தை விட்டுக் குறுக்கே வந்திருக்கிறார். காற்றில் தண்ணீர் கலங்கி அடி தெரியவில்லை. அணியம் கல்லில் ஏறிவிட்டது. எஞ்சினைத் தூக்கிவிட்டு இறங்கி மரக்கோல் ஊன்றித் தள்ளியிருந்தால் போதும். தனியாக இருந்த பயத்தில் பின்னோக்கி இயக்கிப் பார்த்துவிட்டு, அதுவும் சரிவராமல் போகவே, படகைக் கல்லின் மேலேயே இழுத்து இறக்கியிருக்கிறார். படகின் அடியில் இருந்த கீறல்கள் குறுக்கே போகாமல் நீளவாட்டில் போனதற்குக் காரணம் அதுதான்.

படகைப் பார்க்க வந்த பைபர் வேலைக்காரர் எனக்கும் ஒரு அடி வைத்தார். திருப்புளியின் பிளாஸ்டிக் பிடியால் அடியெங்கும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் ‘டக் டக்’ என்று கணீரென்ற ஒலி வரும். பைபர்ப் படைகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிய இடத்தில் ஒலி செத்து, மட்டையில் தட்டுவது போல இருக்கும். ஒலி மாறும் இடத்தையெல்லாம் சுண்ணக்கட்டியால் வளைத்தார். பிளந்த இடத்தைச் சுற்றி ஒரு வளையம், பழைய ஒட்டைச் சுற்றி வேறொரு வளையம். இரண்டும் ஒன்றோடொன்று தொடவில்லை. பிளவின் விளிம்பு வெள்ளை வெளேரென்று இருந்தது, ஆகவே அது புதுக் காயம். ஒட்டின் கிளம்பிய மூலைக்குள்ளோ பாசியின் பச்சைக்கறை படிந்திருந்தது. மூன்று நாள்களில் அப்படிப் படியாது. அது மாதக்கணக்காக மெல்லத் திறந்துகொண்டிருந்த இடம். இரண்டு வருடங்களுக்கு முன்னர் படகைச் சரியாகக் காயவிடாமல், உள்பக்கம் படை வைக்காமல், வெளியே மட்டும் ஒட்டி முடித்தவன் நான்தான். காசு மிச்சம் பிடித்ததாக அப்போது நினைத்திருந்தேன். அந்த இடத்து வேலை என்னுடைய கணக்கு என்று அவர் இருவர் முன்னிலையிலும் சொன்னார். எனக்குக் கசந்தது. ஆனால் அந்தத் தம்பி என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பகை அதோடு கொஞ்சம் இறங்கியதையும் நான் கண்டேன்.

இந்தத் தடவை வேலையை முறையாகச் செய்வித்தேன். நான்கு நாள் வெயிலில் கவிழ்த்துக் காயவிட்ட பிறகே அரைக்கத் தொடங்கினார்கள். பைபரின் தடிப்பு ஆறு மில்லிமீற்றர் என்றால் காயத்தின் விளிம்பிலிருந்து அதன் பன்னிரண்டு மடங்கு, அதாவது ஏழு சென்ரிமீற்றருக்குச் சற்று மேலாக, எல்லாப் பக்கமும் சரிவாக அரைத்து எடுக்க வேண்டும். செங்குத்தாக வெட்டி ஓட்டையை மட்டும் அடைத்தால், புதிய படை பிடித்துக்கொள்ளப் பரப்பு போதாமல் அடுத்த அடியில் மூடி போலக் கழன்று வரும். உள்ளேயும் வெளியேயும் பைபர் பாயை ரெசினில் ஊறவைத்து ஒவ்வொரு படையாக வைத்து, உருளையால் காற்றுக் குமிழிகளை வெளியேற்றினார்கள். பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாத வேலை, ஆனால் நான் பக்கத்திலேயே கதிரை போட்டு இருந்தேன்.

இனிக் காசுக் கணக்கு. பைபர் வேலை மொத்தம் 54,000 ரூபா; அதில் என் பழைய ஒட்டுக்கு 15,000, புதிய பிளவுக்கு 39,000. விசிறி 18,000, செதிலை அலுமினிய ஒட்டால் நிரப்ப 7,000. சீலும் எண்ணெயும் மாற்றக் கூலியோடு 9,000. இவை எல்லாம் முதல் நாளே செய்திருந்தாலும் வந்திருக்கும் செலவுகள். துருப்பிடித்த பெயாரிங்குகளுக்கும் ஒரு பற்சக்கரத்துக்கும் மேலதிகமாக 46,000 போனது. ஆக 134,000 ரூபா. கையில் காசு இல்லாததால் மனைவியின் காப்பை வங்கியில் அடகு வைத்துக் கட்டினேன். படகு திரும்பி வந்த நாளிலிருந்து மறுபடி தண்ணீரில் இறங்கிய நாள் வரை 41 நாள்கள். அந்த நாள்களில் வாடகையும் இல்லை, தொழிலும் இல்லை.

வழக்குப் போடலாம் என்று ஆரம்பத்தில் ஒருவர் உசுப்பிவிட்டிருந்தார். இப்படியான சிறிய தொகைப் பிணக்கை நேரே நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக முடியாது, முதலில் மத்தியஸ்த சபைக்குத்தான் போக வேண்டும் என்பது கிராம அலுவலர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் வந்த ஏற்பாடு அது. அங்கே சட்டத்தரணி இல்லை, இருவரும் தாமே பேச வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடசாலை வகுப்பறையில் மூன்று மத்தியஸ்தர்கள் முன்னால், சிறு பிள்ளைகளின் வாங்குகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தோம். நான் பற்றுச்சீட்டுகளையும் பழைய பெயாரிங்குகளை ஒரு பையிலும் கொண்டுபோயிருந்தேன். மாற்றிய பழைய சாமான்களைத் திருத்துபவரிடம் விட்டுவிட்டு வராமல் கேட்டு வாங்கியது நான் செய்த சில நல்ல காரியங்களில் ஒன்று. அங்கே பற்றுச்சீட்டைவிட அந்தத் துருதான் அதிகம் பேசியது.

அவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். "இந்தத் துரு எத்தனை நாளில் பிடித்தது?" என்ற ஒரே கேள்வியை எங்கள் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார். மூன்று நாள்கள் அவர் ஓடினார். பத்தொன்பது நாள்கள் நான் தொங்கவிட்டேன். மறைத்து ஓடியதற்காக அந்த 46,000இல் 16,000 ரூபாவை அவரும், திறந்து பார்க்காமல் வைத்திருந்ததற்காக 30,000 ரூபாவை நானும் ஏற்பது என்று முடிந்தது. சீலுக்கான 9,000 ரூபாவை அவர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். ஏன் அவ்வளவு இலகுவாக ஒத்துக்கொண்டார் என்பது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும்; அந்த வலையைப் பற்றி இருவருமே சபையில் வாய் திறக்கவில்லை. பிளவு, விசிறி, செதில், சீல், துருவில் பங்கு எல்லாம் சேர்த்து அவருக்கு 89,000, எனக்கு 45,000. 41 நாள் நட்டத்தையும் கேட்டேன். திருத்த வேலைக்கு எப்படியும் பத்துப் பன்னிரண்டு நாள் போயிருக்கும், மிச்சம் எங்கள் இருவருடைய பிடிவாதத்தின் நாள்கள் என்றார் ஆசிரியர். ஐந்து நாள் வாடகைப் பாக்கி 12,500ஐ அவர் குறைக்காமல் கட்டுவது, நான் நட்டக் கோரிக்கையை விடுவது என்று உடன்பட்டோம். முற்பணம் 10,000 கழிய 91,500 ரூபா. உடனே 31,500, பிறகு மாதம் 20,000 வீதம் மூன்று மாதங்கள். எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள்.

முதல் இரண்டு தவணைகளும் சொன்ன நாளுக்கு வந்தன. மூன்றாவது தவணையில் 14,000 ரூபாவோடு ஒரு பையில் நண்டும் கொண்டுவந்து, மிச்சத்தை அடுத்த மாதம் தருவதாகச் சொன்னார். நண்டைக் கணக்கில் சேர்ப்பதா இல்லையா என்று நாங்கள் இருவருமே பேசவில்லை.

தை மாதத்தில் வேறொரு தம்பி படகை ஒரு கிழமைக்குக் கேட்டு வந்தார். நான் படகைக் கவிழ்க்கச் சொல்லி, திருப்புளிப் பிடியால் அடி முழுவதையும் அவரைக்கொண்டே தட்டுவித்து, ஒட்டுகள் இருக்கும் இடங்களை அவர் கையை வைத்துக் காட்ட வைத்துக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தேன். விசிறியின் மூன்று இதழ்களையும் தனித்தனியாக எடுத்தேன். கீழ்த் திருகாணியைத் தளர்த்தி, கியர் எண்ணெயில் இரண்டு துளியை வெள்ளைத் துணியில் விட்டு நிறத்தையும் காட்டினேன். கொப்பி ஒற்றையில், கல்லில் தட்டினால் அன்றைக்கே சொல்ல வேண்டும், சொன்ன அன்றைக்கே இருவருமாக எண்ணெயைத் திறந்து பார்க்க வேண்டும், படகில் தங்கூசி ஏறக்கூடாது, சேதத்துக்குக் காசு கட்டுவது வாடகைக்கு எடுத்தவர் என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினேன். அவர் ஒற்றையை இரண்டு தடவை வாசித்தார். "அண்ணை, நான் படகுதானே கேட்டனான், பெண்ணே கேட்டனான்?" என்றார். பிறகு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், அடுத்த நாள் வேறு துறையில் ஒரு படகு எடுத்ததாகக் கேள்விப்பட்டேன். அந்தக் கிழமை மைத்துனரைக் கூட்டிக்கொண்டு நானே கடலுக்குப் போனேன்.